வீட்டு வைத்தியம் அல்ல: சென்னைக் காசநோய் ஆய்வுக்கு ஒரு தமிழ்ச் சுருக்கம்

மாணவி எழுதி வந்த சுருக்கத்தை நான் முதலில் திருத்தவில்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடங்களுக்கு மேல் ஊர் ஊராக மாத்திரைப் பெட்டியோடு அலைந்தவர். அவரிடம் அந்த ஒரு பக்கத்தைக் கொடுத்து, "அக்கா, இது எதைப் பற்றி என்று படித்துச் சொல்லுங்கள்" என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "காசநோய்க்கு வீட்டு வைத்தியம் பண்ணா கேக்கும்னு எழுதியிருக்கு. யாரு தம்பி இதை எழுதினது? ஆடாதொடை கஷாயத்துல டிபி போயிடுமா?" என்றார், கொஞ்சம் கோபமாகவே.

அந்தப் பக்கத்தில் கஷாயம் என்ற சொல்லே கிடையாது. ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்று இரண்டு மருந்துகளின் பெயர்கள் இருந்தன. ஆனால் "வீட்டு மருத்துவம்" என்று நான்கு இடத்தில் இருந்தது. தமிழில் வீட்டு மருத்துவம் என்றால் சுக்கும் மிளகும் திப்பிலியும்தான். அதைப் படித்த பிறகு மருந்தின் பெயர் கண்ணில் பட்டாலும் மனதில் ஏறுவதில்லை.

அந்தச் சுருக்கம் எப்படிப் பழுதுபட்டிருந்தது, எப்படித் திரும்ப எழுதினோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆய்வு முறையும் முடிவும் ஒரு பக்கத்துக்குள் வர வேண்டும், நடை முறையானதாக இருக்க வேண்டும், ஆனால் படிக்க முடிய வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துச் செய்வதற்குப் பயிற்சியாக ஒரு பழைய, பெயர்பெற்ற ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்திருந்தேன்.

கட்டுரை

1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம் அது. சேத்துப்பட்டில் இன்றைக்குத் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அந்த மையத்தின் பெயரிலேயே 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. காசநோயாளியை ஓராண்டு சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுப்பதையும், அவரவர் வீட்டில் இருக்கவிட்டு அதே மருந்தைக் கொடுப்பதையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்ட ஆய்வு. 90 பக்கத்துக்கு மேல் போகிற கட்டுரை, அதில் அட்டவணைகளே ஏராளம்.

காசநோய் வந்தவர் ஊருக்கு வெளியே நல்ல காற்றில், நல்ல சாப்பாட்டில், படுக்கையில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும் என்பது அன்றைய மருத்துவ நம்பிக்கை. தாம்பரத்துக்கு ஒரு நிலையம் முன்னால் ரயில் நிற்கும்போது "சானடோரியம்" என்று பலகையில் படிக்கிறோமே, அந்தச் சொல் அங்கே வந்தது அந்த நம்பிக்கையால்தான். நாட்டில் நோயாளிகள் இருந்த அளவுக்குப் படுக்கைகள் கிடையாது. ஆகவே கேள்வி நேரடியானது: மருந்து இருக்கிறது, படுக்கை இல்லை. வீட்டில் வைத்தே கொடுத்தால் போதுமா?

இந்தக் கட்டுரையைப் பயிற்சிக்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. முடிவு ஒரு வரியில் சொல்லக்கூடியது போலத் தோன்றும். ஆனால் அந்த ஒரு வரியில் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுருக்குகிற கை அதைத்தான் முதலில் வெட்டும்.

முதல் வரைவு

மாணவி கொண்டுவந்தது இது:

> காசநோய் உலகளவில் மிக முக்கியமான பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக விளங்கி வருகிறது. இவ்வாய்வானது வீட்டு மருத்துவத்திற்கும் சானடோரிய மருத்துவத்திற்கும் இடையிலான ஒப்பீட்டினை மேற்கொள்ளும் நோக்கில் மேற்கொள்ளப்பட்டதாகும். சென்னையில் உள்ள 193 நோயாளிகள் சீரற்ற முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு ஐசோனியசிட் மற்றும் பி.ஏ.எஸ். ஆகிய மருந்துகள் ஓராண்டு காலம் வழங்கப்பட்டு அவர்களது சளி, எக்ஸ்ரே, எடை ஆகியவை பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டு முடிவுகள் பகுப்பாய்வு செய்யப்பட்டன. 193 நோயாளிகளில் 86 சதவீதம் பேர் வீட்டு மருத்துவத்தில் குணமடைந்தனர். சானடோரியத்தில் இது 92 சதவீதமாகக் காணப்பட்டது. இரண்டிற்கும் இடையே வேறுபாடு இல்லை. மேலும், வீட்டு மருத்துவம் பெற்ற நோயாளிகளின் குடும்பத்தினருக்கு நோய் அதிகம் பரவவில்லை. எனவே வீட்டு மருத்துவமே சிறந்தது என்பதை இவ்வாய்வு நிரூபிக்கிறது.

பார்த்தவுடன் தவறு என்று தோன்றாது. நம் கல்லூரி ஆய்விதழ்களில் வருகிற பெரும்பாலான சுருக்கங்கள் இந்த ஓசையில்தான் இருக்கின்றன. அந்த ஓசையே ஒரு பிரச்சினை என்று சொன்னால் மாணவிக்குப் புரியவில்லை. "சார், முறையான தமிழ் இப்படித்தானே இருக்கும்?" என்று கேட்டார். சரி, ஓசையை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்துவிட்டு, முதலில் கட்டுரையைத் திறந்தோம்.

ஓரத்தில் பக்க எண்

நான் எல்லோரையும் செய்யச் சொல்கிற வேலை ஒன்று உண்டு. சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில், அது கட்டுரையின் எந்தப் பக்கத்திலிருந்து அல்லது எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்று பென்சிலால் குறிக்க வேண்டும். அனுப்பும் பிரதியில் இது இருக்காது, வேலைப் பிரதியில் மட்டும். குறிக்க முடியாத வாக்கியம் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும்.

முதல் வாக்கியத்துக்கு எண் போட முடியவில்லை. காசநோய் முக்கியமான பிரச்சினை என்பதைக் கட்டுரை கண்டுபிடிக்கவில்லை, அது எல்லோருக்கும் தெரிந்தது. எடுத்துவிட்டோம். வருத்தப்பட ஒன்றுமில்லை.

"குடும்பத்தினருக்கு நோய் அதிகம் பரவவில்லை" என்ற வாக்கியத்துக்கும் எண் கிடைக்கவில்லை. மாணவி கட்டுரையை முன்னும் பின்னும் புரட்டினார். இந்தச் செய்தி பொய் அல்ல. நோயாளியோடு ஒரே வீட்டில் வசித்தவர்களைப் பற்றி அதே மையம் ஆராய்ந்திருக்கிறது, ஆனால் அது 1960-இலும் 1966-இலும் வந்த வேறு கட்டுரைகளின் முடிவு. மாணவி இந்த ஆய்வின் வரலாற்றை எங்கேயோ படித்திருக்கிறார், அங்கே எல்லாம் சேர்த்து ஒரே கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். அது மனதில் தங்கி, கை தானாக எழுதிவிட்டது. பாடம் நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தத் தவறு அதிகம் வரும். தெரியாதவர் கட்டுரையைப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது, தெரிந்தவர் பாதியை நினைவிலிருந்து எழுதுகிறார். சொந்தக் கட்டுரைக்குச் சுருக்கம் எழுதுகிறவர்கள் இன்னும் மோசம். அடுத்து எழுதப்போகிற கட்டுரையின் முடிவைக்கூட இதில் போட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது 193. "193 நோயாளிகளில் 86 சதவீதம்" என்பதற்குக் கணக்குப் போட்டால் 166 பேர் வருகிறது. ஆனால் 193 என்பது இரண்டு குழுவும் சேர்ந்து ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள். 86 என்பது வீட்டுக் குழுவுக்கு மட்டும் உரிய சதவீதம். அதிலும், சேர்க்கப்பட்ட எல்லோரும் முடிவுக் கணக்கில் வரவில்லை. கடைசியில் ஒப்பிடப்பட்டவர்கள் ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ 80 பேர்தான். ஆக, மாணவியின் வாக்கியத்தில் இருந்த இரண்டு எண்களும் சரி, அவற்றை இணைத்த "இல்" என்ற உருபுதான் தவறு. ஏழாம் வேற்றுமை உருபு ஒன்று எண்பது பேரை இரண்டு மடங்குக்கும் மேலாக்கிவிட்டது.

சதவீதம் வருகிற இடத்திலெல்லாம் "யாருள்?" என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். பதில் அதே வாக்கியத்திலோ முந்தைய வாக்கியத்திலோ இருக்க வேண்டும். நான்கு வரி மேலே இருந்தால் போதாது.

சொற்கள்

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வேலையில் பாதி நேரம் இதில்தான் போனது.

"வீட்டு மருத்துவம்" போகட்டும் என்று முடிவாகிவிட்டது. அதற்குப் பதில் என்ன? "இல்லச் சிகிச்சை" என்றார் மாணவி. அது அழகாக இருக்கிறது, ஆனால் வீட்டுக்கே மருத்துவர் வந்து பார்ப்பதுபோல ஒலிக்கிறது. உண்மையில் வீட்டுக் குழு நோயாளிகள் வாரத்துக்கு ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போனார்கள். கடைசியில் "வீட்டிலிருந்தே சிகிச்சை" என்று வைத்தோம். ஒரே கலைச்சொல்லாக அமுங்கவில்லைதான். ஆனால் யாரும் அதைக் கஷாயம் என்று படிக்கமாட்டார்கள்.

"சீரற்ற முறையில்" என்பது எனக்குப் பிடிக்காத சொல். நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தபோது, யார் எந்தக் குழு என்பதை மருத்துவரும் தேர்ந்தெடுக்கவில்லை, நோயாளியும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கமும் போக ஒரே அளவு வாய்ப்பு இருந்தது. ஆய்வின் பலமே அதில்தான் இருக்கிறது. அதைச் "சீரற்ற" என்று சொன்னால், ஒழுங்கில்லாமல் ஏனோதானோவென்று பிரித்தார்கள் என்று ஆகிறது. புள்ளியியல் பாடநூல்களில் "சமவாய்ப்பு" என்ற சொல் இருக்கிறது. இலங்கையில் "எழுமாற்று" என்பார்கள். இரண்டும் நல்ல சொற்கள். எந்த இதழுக்கு எழுதுகிறோமோ அந்த ஊர் வழக்கைப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சமவாய்ப்பு என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்களுக்கும் புரிய, "ஒருவர் வீட்டில் இருப்பாரா, சானடோரியத்துக்குப் போவாரா என்பது சமவாய்ப்பு முறையில் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினோம். கலைச்சொல்லுக்கு விளக்கம் தனியாகத் தேவைப்படவில்லை, வாக்கியமே விளக்கிவிடுகிறது.

"குணமடைந்தனர்" என்பது அடுத்த சிக்கல். கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. சளியை எடுத்து, கிருமி வளர்கிறதா என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்து, அந்தச் சோதனைகளின் அடிப்படையில் நோய் அமைதியான நிலைக்கு வந்துவிட்டது என்று வகைப்படுத்தியது. 12 மாதம் முடிந்த அன்றைய நிலை அது. பிறகு நோய் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம். மறுபடி வருகிறதா என்று பார்க்கத்தான் அந்த மையம் அதே நோயாளிகளை ஐந்தாண்டு வரை தொடர்ந்து கவனித்தது. "குணமடைந்தனர்" என்று எழுதினால் அந்த ஐந்தாண்டு வேலையைச் செய்யாமலேயே முடித்துவிட்டதாக ஆகும். "நோய் செயலற்ற நிலையை எய்தினர்" என்று மாணவி மாற்றினார். நான் தலையைச் சொறிந்தேன். அக்காதான் வழி சொன்னார். "நாங்க பேசும்போது நோய் அடங்கிடுச்சும்போம். அடங்கினது மறுபடி கிளம்பவும் செய்யும்" என்றார். அடங்கியது! தமிழில் ஏற்கெனவே இருக்கிற சொல், அளவுக்கு மேலும் இல்லை கீழும் இல்லை. "சளிச் சோதனையின்படி நோய் அடங்கியவர்கள்" என்று எழுதிக்கொண்டோம்.

"வேறுபாடு இல்லை"

86-உம் 92-உம் ஒன்றா? இல்லை. ஆறு புள்ளி வித்தியாசம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. எண்களைக் கொடுத்துவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே "வேறுபாடு இல்லை" என்று எழுதினால் வாசகர் எதை நம்புவார்?

மாணவி மனதில் இருந்தது புள்ளியியல் சார்ந்த கருத்து: இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். அது சரி. ஒவ்வொரு பக்கமும் 80 பேர் என்று வைத்துக்கொண்டு காகிதத்தில் தோராயமாகக் கணக்குப் போட்டோம். வீட்டுக் குழுவின் பிழைக்கான பங்கு 0.86 × 0.14 ÷ 80, சானடோரியத்துக்கு 0.92 × 0.08 ÷ 80. இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கிட்டத்தட்ட 0.05. அதை இரண்டால் பெருக்கினால் பத்துப் புள்ளி. ஆக, உண்மையான வித்தியாசம் சானடோரியத்துக்குச் சாதகமாக 16 புள்ளி வரைக்கும் இருக்கலாம், வீட்டுக்குச் சாதகமாக 4 புள்ளி வரைக்கும் இருக்கலாம். பூச்சியம் அதற்குள் அடங்குகிறது. அதனால் "வேறுபாடு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்பதுதான் நேர்மையான தமிழ். "வேறுபாடு இல்லை" என்பது வேறு செய்தி. முந்தையது நம் அளவுகோலைப் பற்றிப் பேசுகிறது, பிந்தையது நோயைப் பற்றிப் பேசுகிறது.

ஆங்கிலச் சுருக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் "ஒப்பிடத்தக்கது" என்று எழுதுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். தமிழில் ஒப்பிடத்தக்கது என்றால் ஒப்பிட முடியும் என்றுதான் பொருள். மலையையும் மடுவையும்கூட ஒப்பிடலாம். சொல்ல வருவது "ஏறத்தாழ நிகரானது". அதைச் சொல்லிவிடுவது நல்லது. ஆங்கிலச் சுருக்கத்தை மூடிவைத்துவிட்டுக் கட்டுரையிலிருந்தே எழுத வேண்டும் என்று நான் கறாராக இருப்பதற்கு இந்தச் சொல் ஒன்றே போதும்.

சரி, சுருக்கத்தில் இத்தனையையும் எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டாம் என்று முடிவுசெய்தோம். இரண்டு சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும். "6 சதவீதம் குறைவு" என்றும் எழுத வேண்டாம், அது 92-இல் ஆறு சதவீதமா, ஆறு புள்ளியா என்று இன்னொரு குழப்பம். வாசகர் இரண்டு எண்ணையும் பார்த்து அவரே முடிவெடுக்கட்டும். அவரால் முடியும்.

வெட்டுப்பட்ட நிபந்தனை

முதல் வரைவின் பெரிய பழுது கடைசி வாக்கியத்தில் இருந்தது. "வீட்டு மருத்துவமே சிறந்தது என்பதை நிரூபிக்கிறது." அந்த "ஏ"காரத்துக்குக் கட்டுரையில் இடமே கிடையாது. வீடு சிறந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஓய்வு, ஊட்டமான உணவு, செவிலியர் கவனிப்பு, கண் முன்னால் மருந்து விழுங்கவைப்பது என்று சானடோரியத்துக்கு இருந்த அனுகூலங்களைக் கட்டுரை ஒப்புக்கொள்கிறது. அவ்வளவு இருந்தும், வீட்டிலிருந்தே சிகிச்சை அதற்கு ஏறத்தாழ நிகராக நின்றது என்கிறது. ஆகவே, தக்க சேவை அமைப்பு இருந்தால், பெரும்பாலான நோயாளிகளை வீட்டில் வைத்தே கவனிக்கலாம் என்று முடிக்கிறது.

"தக்க சேவை அமைப்பு இருந்தால்." மாணவி இதை ஏன் விட்டார் என்று கேட்டேன். "எல்லா கட்டுரையிலும் கடைசியில் இப்படி ஒரு வரி போடுவாங்களே சார், சம்பிரதாயமா" என்றார். ஞாயமான பதில்தான். பல கட்டுரைகளில் அது சம்பிரதாயம்தான். இந்தக் கட்டுரையில் அது எப்படிச் சம்பிரதாயம் இல்லை என்று தெரிந்துகொள்ள, முறை பகுதிக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டுக் குழுவினர் உண்மையில் மருந்தை விழுங்குகிறார்களா என்று பார்க்க மையம் பெரும்பாடு பட்டிருக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் மாதிரி எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். மீதி மருந்தை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 86 சதவீதம் என்பது இந்தக் கவனிப்போடு வந்த எண். கவனிப்பை நீக்கிவிட்டால் அந்த எண்ணுக்கு யாரும் பொறுப்பல்ல.

மாணவியின் வரைவில் முறையைச் சொல்லும் வாக்கியத்தில் சளி, எக்ஸ்ரே, எடை என்று எல்லாச் சோதனைகளும் இருந்தன, சிறுநீர்ச் சோதனை மட்டும் இல்லை. எது முடிவைத் தாங்குகிறதோ அது விடுபட்டு, எது எந்தக் காசநோய் ஆய்விலும் இருக்குமோ அது இடம்பிடித்திருந்தது. முறையைச் சுருக்கும்போது எதை வைப்பது, எதை விடுவது என்று தெரியாமல் திண்டாடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடைசி வாக்கியத்தை முதலில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தை ஒருவர் "எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று மடக்கினால் எதைக் காட்டுவீர்களோ, அதுதான் முறை.

ஓசை

இப்போது ஓசைக்கு வரலாம். "ஒப்பீட்டினை மேற்கொள்ளும் நோக்கில் மேற்கொள்ளப்பட்டதாகும்" என்பதை மாணவியை உரக்கப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு அவரே சிரித்துவிட்டார். ஒப்பிட்டது என்ற ஒரு வினை மூன்று துண்டாக உடைந்து கிடக்கிறது. அப்படி உடைப்பதால் மரியாதை கூடுவதில்லை.

மூன்றாவது வாக்கியம் வேறு வகை. பிரிக்கப்பட்டு, வழங்கப்பட்டு, உட்படுத்தப்பட்டு என்று மூன்று வினையெச்சங்கள் ரயில் பெட்டிபோல ஓடுகின்றன, எஞ்சின் கடைசியில் வருகிறது. தமிழில் வினை கடைசியில்தான் வரும், அது மொழியின் இயல்பு. ஆனால் எண்ணும் பெயரும் நிறைந்த வாக்கியத்தில் வாசகர் அத்தனையையும் கையில் தூக்கிக்கொண்டு முற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய கோளாறு, நடுவில் எழுவாய் மாறிவிட்டது. "நோயாளிகள் பிரிக்கப்பட்டு... மருந்துகள் வழங்கப்பட்டு..." என்றால் யார் வழங்கப்பட்டார்? எச்சத்தொடரில் இது கவனிக்காமலே நடக்கும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை, ஒரு முற்று என்று உடைத்தோம்.

செயப்பாட்டு வினையை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை. "சமவாய்ப்பு முறையில் தீர்மானிக்கப்பட்டது" என்பதில் யார் தீர்மானித்தார் என்பது முக்கியமல்ல, யாரும் தீர்மானிக்கவில்லை என்பதுதான் செய்தி. அங்கே செயப்பாட்டு வினை சரியான இடத்தில் இருக்கிறது. "காணப்பட்டது", "மேற்கொள்ளப்பட்டது" இரண்டும் மட்டும் எங்கே வந்தாலும் எடுத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் எதுவும் குறையாது.

இதழ்கள் 150 முதல் 250 சொல் என்று வரம்பு வைத்திருக்கும். அந்த வரம்பு ஆங்கிலத்துக்குப் போட்டது. தமிழில் உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே செய்தி குறைந்த சொற்களில் வந்துவிடும். எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று பயந்து "உலகளவில் மிக முக்கியமான" என்று நிரப்ப வேண்டியதில்லை. கிடைத்த இடத்தில் வாக்கியங்களைப் பிரித்து மூச்சுவிட வைக்கலாம்.

கடைசி வடிவம்

நான்கு தடவை எழுதினோம். வந்து நின்றது இது:

> நுரையீரல் காசநோயாளிகளை ஓராண்டு சானடோரியத்தில் சேர்த்து மருந்து தருவதற்குப் பதிலாக, வீட்டில் இருக்கவிட்டே அதே மருந்துகளைத் தந்தால் போதுமா என்பதை இந்த ஆய்வு சோதித்தது. சென்னை நகரின் ஏழைமக்கள் நெருக்கமாக வசிக்கும் பகுதியிலிருந்து 193 நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். ஒருவர் வீட்டில் இருப்பாரா, சானடோரியத்துக்குச் செல்வாரா என்பது சமவாய்ப்பு முறையில் தீர்மானிக்கப்பட்டது. இரு குழுவினருக்கும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். ஆகிய மருந்துகள் 12 மாதம் தரப்பட்டன. வீட்டுக் குழுவினர் வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து பெற்றனர். அவர்கள் மருந்தை உட்கொள்கிறார்களா என்பதை மையம் சிறுநீர்ச் சோதனை மூலமும் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றும் கண்காணித்தது. சானடோரியக் குழுவினருக்கு ஓய்வும் ஊட்டமான உணவும் செவிலியர் கவனிப்பும் கிடைத்தன. வீட்டுக் குழுவினருக்கு இவை அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. ஆண்டு முடிவில் பகுப்பாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்களுள், சளிச் சோதனையின்படி நோய் அடங்கியவர்கள் வீட்டுக் குழுவில் 86 சதவீதம், சானடோரியக் குழுவில் 92 சதவீதம். உடல் எடை சானடோரியக் குழுவினருக்கே கூடுதலாக ஏறியது. மருந்து வழங்கவும் கண்காணிக்கவும் தக்க சேவை அமைப்பு இருந்தால், பெரும்பாலான நோயாளிகளுக்கு வீட்டிலிருந்தே சிகிச்சை தரலாம் என்று இம்முடிவுகள் காட்டுகின்றன.
>
> திறவுச்சொற்கள்: காசநோய், வீட்டிலிருந்தே சிகிச்சை, சானடோரியம், சமவாய்ப்பு ஆய்வு, சென்னை

இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லாத இடம் ஒன்று உண்டு. "நோய் அடங்கியவர்கள்" என்பதற்குக் கட்டுரையில் நுணுக்கமான வரையறை இருக்கிறது. அதை இங்கே கொண்டுவர ஒரு பத்தி வேண்டும், கொண்டுவந்தால் இது சுருக்கம் இல்லை. "சளிச் சோதனையின்படி" என்ற இரண்டு சொல் அந்த வரையறை எங்கோ இருக்கிறது என்று மட்டும் தெரிவிக்கிறது. எக்ஸ்ரே முடிவுகளை முழுவதும் விட்டதில் மாணவிக்கு மனத்தாங்கல். கட்டுரையில் அதற்குப் பல பக்கங்கள் போயிருக்கின்றன என்றார். உண்மைதான், இன்னொருவர் எழுதினால் எடையை விட்டுவிட்டு எக்ஸ்ரேயை வைக்கலாம். நான் எடையை வைத்ததற்குக் காரணம், சானடோரியத்தின் அனுகூலம் வெளிப்படையாகத் தெரிந்த இடம் அது. அதை மறைத்துவிட்டுக் கடைசி வாக்கியத்துக்குப் போவது ஒருதலைப்பட்சமாகப் பட்டது.

"இரு குழு" என்று வந்த பிறகு எல்லா இடத்திலும் வீடு முதலில், சானடோரியம் பிறகு என்று ஒரே வரிசை வைக்க முயன்றோம். ஓய்வும் உணவும் பற்றிய வாக்கியத்தில் மட்டும் அது முடியவில்லை. மாற்றி வைத்துப் பார்த்தால் எதிர்மறையில் தொடங்கித் தடுக்கியது. விட்டுவிட்டோம்.

மறுநாள் மாலை இருவரும் அக்கா வீட்டுக்குப் போனோம். படித்தார். இந்த முறை கஷாயம் வரவில்லை. "அந்தக் காலத்துலயே வீடு வீடாப் போய்ச் சிறுநீர் டெஸ்ட் பண்ணியிருக்காங்களா? நாங்க மாத்திரை அட்டையை எண்ணிப் பாக்கறதோட சரி" என்றார். பிறகு விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு மாணவியைப் பார்த்தார். "ஏம்மா, 193 பேர் சேந்தாங்கன்னு இருக்கு. அப்புறம் 'எடுத்துக்கொள்ளப்பட்டவர்களுள்'னு போட்டிருக்கே. அப்ப எடுத்துக்காதவங்க யாரு, என்ன ஆனாங்க?"

மாணவி பையிலிருந்து கட்டுரையை எடுத்து, அட்டவணைப் பக்கத்தைத் தேட ஆரம்பித்தார்.